பக்கத்து ஃபிளாட் பேச்சு 4 இஞ்ச் சுவர் வழியா வார்த்தை வார்த்தையா கேக்குது: ஜிப்சம் லைனிங் போட்டா நிக்குமா?

மூணாம்மாடி:
வணக்கம். பாலக்காடு சித்தூர் ரோட்டுல மூணாவது மாடி ஃபிளாட். படுக்கை அறைக்கும் பக்கத்து வீட்டு ஹாலுக்கும் நடுவுல ஒரே சுவர்தான். 4 இஞ்ச் சாலிட் சிமென்ட் கல், ரெண்டு பக்கமும் பூச்சு. நீளம் 3.3 மீட்டர், தரையிலிருந்து மேல் ஸ்லாப் வரை 3 மீட்டர். நடுவுல ஃபால்ஸ் சீலிங் இருக்கு, அது 2.7 மீட்டர்ல. ராத்திரி அவங்க டிவி சீரியல் வசனம் அப்படியே புரியுது, டைட்டில் பாட்டோட தாளமும் வருது. சீலிங் வேலை பார்க்கிற ஒருத்தர் வந்து பார்த்துட்டு, சுவத்துல 1 இஞ்ச் ஜிஐ சேனல் அடிச்சு, உள்ளே தெர்மோகோல் வெச்சு, மேலே ஒரு ஜிப்சம் போர்டு போட்டா நின்னுடும்னு சொல்றார். சரிதானா?

தூக்குக்குண்டு:
தெர்மோகோல் எல்லாம் வேஸ்ட் தம்பி. சத்தத்தை நிறுத்துறது எடை மட்டும்தான். அந்தச் சுவரோட ஒட்டி இன்னொரு 4 இஞ்ச் கல்லு கட்டிப் பூசிடுங்க, 8 இஞ்ச் சுவர் ஆயிடும், பிரச்சனை தீந்துச்சு. எங்க பக்கத்து பழைய வெட்டுக்கல் வீட்டுல சத்தம் வருதா பாருங்க.

ரசமட்டம்:
தெர்மோகோல் வேண்டாம்ங்கிறது சரி, எடை வேணும்ங்கிறதும் சரி. ஆனா கணக்கைப் பாருங்க அண்ணா. பூச்சோட சேர்த்து இப்ப இருக்கிற சுவர் சதுர மீட்டருக்கு சுமார் 240 கிலோ. ஒட்டிக் கட்டி எடையை ரெட்டிப்பாக்கினா கிடைக்கிறது 5, 6 டெசிபல்தான். அதுக்கு அந்த ஸ்லாப் மேல நீள மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல புதுசா ஏத்தறோம். அடியில் பீம் இருந்தாலும் அந்தப் பாரத்துக்கு டிசைன் பண்ணினதான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லாம மூணாம் மாடியில் கை வைக்கக் கூடாது. வெட்டுக்கல் வீட்டுச் சுவர் 8, 9 இஞ்ச் கனம், அஸ்திவாரத்து மேலேயே நிக்குது. அது வேற கதை.

மூணாம்மாடி, லைனிங்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க எழுதினதுல "வசனம் புரியுது"ங்கிற வார்த்தை எனக்கு உறுத்துது. நல்லா பூசின 4 இஞ்ச் சாலிட் கல்லுச் சுவர் சுமார் 45 டெசிபல் தடுக்கும். சாதாரணமா வெச்ச டிவி அதுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பாத்தான் வரணும். வார்த்தைக்கு உருவம் கொடுக்கிறது ச, ட, க மாதிரி கூர்மையான ஒலிகள். அதெல்லாம் மேல் ஸ்தாயி. கனமான சுவரைத் தாண்டி அது வராது, ஓட்டை வழியாத்தான் வரும். வார்த்தை புரிஞ்சா ஓட்டையைத் தேடணும். வெறும் உறுமல் வந்தா சுவரோட எடையையும் இடைவெளியையும் பார்க்கணும். உங்களுக்கு ரெண்டும் இருக்கு.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல அந்தச் சுவர் எப்படி இருக்குன்னு யாராவது பார்த்தாங்களா?

மூணாம்மாடி:
இல்லைங்க. லைட் ஓட்டை ஒண்ணு இருக்கு, கழட்டிப் பார்க்கலாம். என்ன தேடணும்?

ரசமட்டம்:
மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு லைட்டைக் கழட்டுங்க. மொபைல் டார்ச்சும் வீடியோவுமா கையை உள்ளே விட்டுச் சுவர்ப் பக்கம் திருப்புங்க. மூணு விஷயம் பார்க்கணும்.

பெரும்பாலும் முதல்ல கண்ணுல படறது பூசாத கல்லு. சீலிங் மறைச்சுடும்னு மேஸ்திரி பூச்சை 2.7 மீட்டர்லேயே நிறுத்தியிருப்பார். பூசாத சிமென்ட் கல்லும் அதோட கலவை இணைப்பும் காத்து புகுற அளவுக்கு நுண்துளையா இருக்கும்.

அடுத்தது, கடைசி வரிசைக் கல்லுக்கும் பீம் அடிக்கும் நடுவுல இருக்கிற விரிசல். இதுதான் உண்மையான குற்றவாளி. கல்லு பீம் வரைக்கும் முழுசா அளவுக்கு வராது, மிச்ச இடத்துல கலவையைத் திணிச்சு விட்டுடுவாங்க. அது காய்ஞ்சு சுருங்கும், பீமும் கொஞ்சம் தொங்கும், இறங்கும். விளைவு 2, 3 மில்லிமீட்டர் வெடிப்பு முழு நீளத்துக்கும். உங்க சுவருக்குப் போட்டுப் பாருங்க: 3.3 மீட்டர் நீளத்துல 3 மி.மீ. விரிசல்னா சுமார் 0.01 சதுர மீட்டர். சுவர் 9.9 சதுர மீட்டர். அதாவது ஆயிரத்துல ஒரு பங்கு திறந்து கிடக்கு. ஆயிரத்துல ஒண்ணு திறந்திருந்தா மீதி சுவர் கருங்கல்லாவே இருந்தாலும் மொத்தமா 30 டெசிபலுக்கு மேல போகாது. 45 இருக்க வேண்டிய இடத்துல 30. நீங்க எத்தனை போர்டு அடிச்சாலும் சீலிங் மட்டத்தோட நிறுத்தினா அந்த வழி அப்படியே இருக்கும்.

மூணாவது, ரெண்டு வீட்டுக்கும் பொதுவா சுவர்ல புகுந்து போற குழாய், கன்சீல்டு வயர் பைப்.

கணவாய்க்காத்து:
ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் அனுமதின்னு 2000-ம் வருஷ சத்த விதிகள்ல இருக்கு. அசோசியேஷன்ல புகார் கொடுங்க, சுவரை எதுக்கு இடிக்கணும்?

ரசமட்டம்:
அந்த அளவு அந்தப் பகுதியோட வெளிச்சூழலுக்கான அளவு சார். பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியா என் கட்டிலுக்கு வர்றதை அதை வெச்சு அளக்க முடியாது. அவங்க சாதாரணமாத்தான் டிவி பார்க்கிறாங்க, சுவர்தான் கோளாறு.

மூணாம்மாடி:
பார்த்துட்டேன். நீங்க சொன்னது அப்படியே இருக்கு. சீலிங்குக்கு மேல பூச்சே இல்லை, கல்லு கல்லா தெரியுது. பீம் அடியில் ஒரு பக்கம் விரல் நுனி போகுது, மறு பக்கம் நூலிழை. ஒரு இடத்துல அந்தப் பக்கத்து வெளிச்சம்கூட தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. பியூ ஃபோம் அடிச்சுடலாமா? கடைக்காரர் அதைத்தான் கொடுக்கிறார்.

ரசமட்டம்:
ஃபோம் காத்தை நிறுத்தும். எடை இல்லாததால சத்தத்தைப் பாதிதான் நிறுத்தும். சீக்கிரம் தீயும் பிடிக்கும், வயர் போற இடத்துல அது எனக்குப் பிடிக்காது. இப்படிச் செய்யுங்க.

சுவரை ஒட்டி ஃபால்ஸ் சீலிங்கை ஒன்றரை அடிக்கு நீளமா வெட்டி எடுங்க. லைனிங் வரும்போது எப்படியும் வெட்டணும். விரிசல்ல இருக்கிற பொடி, உதிரிக் கலவையைக் கம்பியால சுரண்டி, பிரஷ் போட்டுத் தூசை எடுங்க. தூசு மேல எதுவும் ஒட்டாது. விரல் போற பெரிய இடத்துல கல்லுச் சில்லும் கெட்டிக் கலவையும் இறுக்கித் திணிங்க. ஆனா பீமோட தொடற மேல் 10, 15 மி.மீ. மட்டும் காலியா விடுங்க. அங்கே ராக்வூல்ங்கிற கல் இழைப் பஞ்சுத் துண்டை இறுக்கி உள்ளே தள்ளி, முகப்புல 15 மி.மீ. ஆழத்துக்கு, காய்ஞ்சாலும் இறுகாத அக்ரிலிக் அக்கூஸ்டிக் சீலன்ட் அடைச்சுடுங்க. முழுக்க சிமென்ட்லேயே அடைச்சா அடுத்த வெயில்லேயே அதே இடத்துல வெடிக்கும், ஏன்னா பீம் அசையுது. வால் புட்டியும் அதே கதைதான். அப்புறம் அந்த 30 செ.மீ. பட்டையை 12 மி.மீ. பூசுங்க.

ஸ்விட்ச்போர்டையும் பாருங்க. 4 இஞ்ச் சுவர்ல ரெண்டு வீட்டுப் பெட்டியும் முதுகோட முதுகா இருந்தா நடுவுல கல்லே இருக்காது. எம்சிபி அணைச்சு, பிளேட்டைக் கழட்டி, பெட்டி முதுகைத் தட்டுங்க. தகரம் கணகணன்னா பின்னாடி பொள்ளல். அந்தப் பெட்டியை எடுத்து, குழியைக் கலவையால அடைச்சு, போர்டைப் புது லைனிங் மேல மாத்தி வைக்கணும்.

இதை மட்டும் செஞ்சுட்டு ஒரு வாரம் கேட்டுப் பாருங்க. வார்த்தை மங்கிடும்னு நினைக்கிறேன். தாளம் அப்படியே இருக்கும்.

தூக்குக்குண்டு:
ஓட்டை விஷயத்துல ஒத்துக்கறேன், எங்க சைட்லயும் பீம் அடியை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. ஆனா தாளத்துக்கு எடைதானே மருந்து? 12 மி.மீ. ஜிப்சம் போர்டு 9 கிலோ. 240 கிலோ சுவருக்கு 9 கிலோவால என்ன ஆகும்?

ரசமட்டம்:
ஒட்டினா ஒண்ணும் ஆகாது. தள்ளி நிறுத்தினா ஆகும். சுவரும் போர்டும் ரெண்டு எடை, நடுவுல அடைபட்ட காத்து ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஒரு ஸ்தாயியில் துள்ளும். அந்த இடத்துல லைனிங் இல்லாததைவிட மோசம். அதுக்கு மேலே போகப் போக ஒவ்வொரு ஸ்தாயிக்கும் பலன் ஏறும். கணக்கு இதுதான்:

```
f = 60 × √( (1/m1 + 1/m2) / d )
```

m1, m2 சதுர மீட்டர் எடை கிலோவில், d இடைவெளி மீட்டரில், f ஹெர்ட்ஸில்.

சீலிங்காரர் சொன்னபடி 1 இஞ்ச் இடைவெளி, ஒரு போர்டு: m1 240, m2 9, d 0.025. விடை சுமார் 129 ஹெர்ட்ஸ். ஆம்பளைக் குரலோட அடித்தளமும் சீரியல் பாட்டோட தபலாவும் அங்கேதான் இருக்கு. போர்டைப் பசையால ஒட்டி 1 செ.மீ. இடைவெளி விட்டா 200-ஐத் தாண்டும். சுவத்துல போர்டை ஒட்டின பிறகு முன்னைவிட அதிகமா கேக்குதுன்னு புலம்பறவங்களுக்கு இதுதான் நடந்திருக்கும். தெர்மோகோல் இன்னும் கேடு, அது காத்தைவிட விறைப்பான ஸ்பிரிங். துள்ளற இடம் மேலே ஏறி பேச்சுக்கு நடுவுலேயே போய் உக்காரும்.

இப்ப ரெண்டு போர்டு, 18 கிலோ, இடைவெளி 75 மி.மீ. போட்டுப் பாருங்க. சுமார் 54 ஹெர்ட்ஸ். உள்ளே ராக்வூல் இருந்தா இன்னும் கொஞ்சம் இறங்கும். டிவி ஸ்பீக்கர் அதுக்குக் கீழே பெருசா ஒண்ணும் ஊதாது. எடையை ரெட்டிப்பாக்கினோம், இடைவெளியை மூணு மடங்காக்கினோம், அவ்வளவுதான் வித்தை.

தேங்காத்துருவி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்களுக்கு மேல் வீட்டுல காலையில அஞ்சரைக்கு சரிவு கிரைண்டர். தரையில் வெச்சு ஓட்டறாங்க, எங்க படுக்கையறை சீலிங் பூரா உர்ருன்னு அதிரும். இதே ரெண்டு ஜிப்சம் போர்டை சீலிங்ல போட்டா போயிடுமா அண்ணா?

தூக்குக்குண்டு:
போர்டு எதுக்கும்மா, மேல் வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லி கிரைண்டர் அடியில் மாட்டுத்தொழுவத்துக்குப் போடற ரப்பர் மேட் ஒரு துண்டு விரிக்கச் சொல்லுங்க. கொழிஞ்சாம்பாறையில் எந்தத் தீவனக் கடையிலும் கிடைக்கும்.

ரசமட்டம்:
அக்கா, உங்களோடது வேற நோய். டிவி சத்தம் காத்துல வந்து சுவரைத் தள்ளுது. கிரைண்டர் நேரா கான்கிரீட்டையே குலுக்குது. ஸ்லாப், பீம், உங்க நாலு சுவர் எல்லாம் சேர்ந்து பாடும். சீலிங்ல மட்டும் போர்டு போட்டா சுவர்கள் விடாது. கொஞ்சம் குறையும், காசுக்கு மதிப்பில்லை. அதைக் கிளம்பற இடத்துலதான் பிடிக்கணும்.

தூக்குக்குண்டு அண்ணா சொன்ன இடம் சரி, பொருள் தப்பு. ரப்பர் இருக்கிறதால மட்டும் அதிர்வு நிக்காது. பாரம் ஏறினதும் அது எவ்வளவு அமுங்குதுங்கிறதுதான் கணக்கு. மோட்டார் 1440 சுத்துன்னா விநாடிக்கு 24. ரப்பர் மேல கிரைண்டர் தானா துள்ற வேகம் 17-க்குக் கீழே இருந்தாத்தான் கொஞ்சமாவது குறையும், 11 பக்கம் வந்தா நல்லா குறையும். அதுக்கு ரப்பர் 2 மி.மீ. அமுங்கணும். தொழுவ மேட் விறைப்பு, அதுல பசு நிக்கும். அதை முழுசா விரிச்சா பாரம் பரவி, ஒரு மி.மீ.ல பத்துல ஒரு பங்குகூட அமுங்காது. விரிக்காததும் விரிச்சதும் ஒண்ணுதான்.

செய்ய வேண்டியது: 2 அடிக்கு 2 அடி கடப்பைக்கல், 20 மி.மீ. கனத்துல ரெண்டை ஒட்டுங்க. சுமார் 40 கிலோ வரும். அதுக்கு மேல கிரைண்டர். கல்லோட நாலு மூலையில் 1 இஞ்ச் கனமுள்ள மெத்து ரப்பர், கட்டைவிரலால அழுத்தினா பள்ளம் விழற வகை, 3 செ.மீ. சதுரமா நாலு துண்டு. சின்னத் துண்டா இருக்கிறதே அமுங்கறதுக்குத்தான். பெரிசா வெட்டிட்டா வேலை செய்யாது. கல்லையும் கிரைண்டரையும் ஏத்தறதுக்கு முன்னாடியும் ஏத்தின பின்னாடியும் ரப்பர் உயரத்தை வெர்னியர்ல அளந்து பாருங்க. 2 மி.மீ. கிட்ட குறைஞ்சிருக்கணும். ஓடும்போது ரப்பர் கொஞ்சம் விறைக்கும், அதனால ஏட்டுக் கணக்கு சொல்றதைவிட பலன் குறைவாத்தான் இருக்கும். இன்னொண்ணு, கல்லோ கிரைண்டரோ சுவத்துல உரசக் கூடாது. ஒரு மூலை பட்டாலே எல்லாம் வீண்.

தேங்காத்துருவி:
மேல் வீட்டு அக்கா சம்மதிச்சாத்தானே. பேசிப் பார்க்கறேன். நாற்காலி இழுக்கிற சத்தத்தை எல்லாம் இதுல சேர்க்கவே இல்லை நான்.

மூணாம்மாடி:
மறுபடியும் சுவருக்கு வர்றேன். அடைச்சுப் பூசி ஆறு நாள் ஆச்சு. வசனம் இப்ப புரியலை, தாளம் வருது. லைனிங் போடலாம்னு முடிவு. பொருள் கணக்கும், ஆள்கிட்ட என்ன சொல்லணும்ங்கிறதும் சொன்னா உதவி.

ரசமட்டம்:
உங்க 3.3 x 3 மீட்டருக்கு: 12.5 மி.மீ. போர்டு, 6 x 4 அடி, ரெண்டு அடுக்குக்கு 9 போதும், சேதாரம் சேர்த்து 10. மழைக்காலத்துல அந்தச் சுவரோட வெளி மூலை ஈரம் வாங்கும்னா பச்சை நிற ஈரம் தாங்கும் போர்டு எடுங்க. 50 மி.மீ. ராக்வூல், 48 கிலோ அடர்த்தி, 1.2 x 0.6 மீட்டர் ஸ்லாப் 14. போர்டைத் தாங்கற தகரக் கால், அதாவது 50 மி.மீ. ஜிஐ ஸ்டட், 3 மீட்டர் உயரத்துக்கு 600 இடைவெளியில் வெச்சா ஆடும், 400-ல வைங்க, 10 வேணும். ஸ்டட் நிக்கிற மேல் கீழ் ட்ராக் 6.6 மீட்டர். சீலன்ட் 300 மில்லி ட்யூப் 7.

ட்ராக்கைப் பழைய சுவத்திலிருந்து 25 மி.மீ. தள்ளித் தரையிலும் மேல் ஸ்லாப்லயும் அடிக்கணும். சுவத்துல ஒரு ஸ்க்ரூகூட கூடாது. ஆளு பழக்கதோஷத்துல "ஆடுது சார்"னு நடுவுல ஒரு கிளாம்ப் போட்டு சுவரோட கட்டுவார். அந்த ஒரு கிளாம்ப் சத்தத்துக்குப் பாலம். அங்கேயே நில்லுங்க. ட்ராக் அடியில் மெல்லிய ரப்பர் பட்டை. ராக்வூல் ஸ்டட்டுக்குள்ளே தளர்வா நிக்கட்டும், குத்தித் திணிக்க வேண்டாம். முதல் போர்டு 25 மி.மீ. ஸ்க்ரூ, ரெண்டாவது 35. ரெண்டாவது அடுக்கோட இணைப்பு முதல் அடுக்கு இணைப்பு மேல விழக் கூடாது. போர்டு தரையைத் தொடாம 10 மி.மீ. மேலே நிக்கணும், பக்கச் சுவரையும் மேல் ஸ்லாப்பையும் தொடாம 5 மி.மீ. விடணும். அந்த இடைவெளியை ஒவ்வொரு அடுக்கிலும் சீலன்ட்டால அடைக்கணும், புட்டியால இல்லை.

முக்கியமா, லைனிங் ஸ்லாப் வரைக்கும் ஏறணும். சீலிங்காரர் 2.7-லேயே நிறுத்தப் பார்ப்பார், அவருக்கு அதுதான் சுளுவு.

தூக்குக்குண்டு:
25 காலி, 50 ஸ்டட், 25 போர்டு. 4 இஞ்ச் அறை போச்சு. கட்டில் போடற இடத்துல 4 இஞ்ச் சின்ன விஷயமா? ரப்பர் கிளிப்பை சுவத்துல அடிச்சு அதுல சேனல் மாட்டினா 40 மி.மீ. இடைவெளியில் முடிச்சிடலாமே.

ரசமட்டம்:
முடிக்கலாம். அப்ப 73 ஹெர்ட்ஸ் பக்கம் துள்ளும். 129-ஐவிட எவ்வளவோ நல்லது, 54 அளவுக்கு நல்லதில்லை. மொத்தம் ரெண்டரை இஞ்ச்தான் போகும். என் பயம் கிளிப் மேல இல்லை, கை மேல. ஒரு ஸ்க்ரூ நீளமா போய் கல்லைக் கடிச்சா அந்த இடத்துல ரப்பர் செத்துச்சு, வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. நல்ல ஆள் கிடைச்சா கிளிப், இல்லைன்னா தனியா நிக்கிற ஸ்டட்.

தூக்குக்குண்டு:
நான் கிளிப்தான் சொல்லுவேன். ஆள் பக்கத்துல நின்னு பார்த்துக்கலாம்.

கணவாய்க்காத்து:
ஒண்ணு கேக்கறேன். மார்கழி, தைல இங்கே கணவாய்க் காத்து வீசும்போது எல்லாரும் ஜன்னலைத் திறந்துதான் படுப்போம். ரெண்டு வீட்டு ஜன்னலும் பக்கத்துப் பக்கத்துல. அப்ப இந்த 4 இஞ்ச் எதுக்கு?

ரசமட்டம்:
நியாயமான கேள்வி. ஜன்னல் திறந்திருந்தா சத்தம் சுவரைச் சுத்திக்கிட்டு வரும், லைனிங் பலன் தெரியாது. ஜன்னலைச் சாத்தினாலும் ஸ்லாப், பக்கச் சுவர் வழியா கொஞ்சம் கசியும். அதனால ஆய்வகத் தாளில் எழுதியிருக்கிற 15, 20 டெசிபல் வீட்டுல வராது. 8, 10 வந்தா சரியா போட்டிருக்காங்கன்னு அர்த்தம். 10 டெசிபல் குறைஞ்சா காதுக்குப் பாதியா தோணும். பக்கத்து வீட்டுல சப்வூஃபர் வாங்கினா அந்த உறுமலை இந்த லைனிங்கும் நிறுத்தாது.

மூணாம்மாடி, உங்க ஜன்னலுக்கும் அவங்க ஜன்னலுக்கும் எவ்வளவு தூரம்?

மூணாம்மாடி:
நாலடி இருக்கும். ஏசி போட்ட அறைதான், ராத்திரி சாத்திடுவோம். காலையில் லைனிங் வேலையை ஆரம்பிக்கிறாங்க. பீம் ஓரத்துல ஏசி செப்புக் குழாய் போற ஓட்டை ஒண்ணு இப்பதான் கண்ணுல பட்டுச்சு, அது அந்தப் பக்கம் எங்கே போகுதுன்னு தெரியலை. குழாயைச் சுத்தி ராக்வூலும் சீலன்ட்டும்தானே, இல்லை கலவை போடணுமா?

ரசமட்டம்:
கலவை வேண்டாம். குழாய் அதிரும், கலவை பிடிச்சா அதிர்வு சுவத்துக்குப் போகும். ராக்வூல் திணிச்சு ரெண்டு முனையிலும் சீலன்ட். அந்தப் பக்கத்து முனைக்கு அவங்க வீட்டுக்குள்ளே போகணும், அதை நீங்கதான் கேட்டுப் பார்க்கணும்.